காணாமல் போய்த் திரும்பி வந்த மேட்ச்: நோக்கமும் நேரமும் பார்க்க ஏழு கார்டு டாரட் ஸ்பிரெட்

டேட்டிங் ஆப்பில் இரண்டு வாரம் நன்றாகப் பேசிய ஒருவர் திடீரென்று பதில் போடுவதை நிறுத்திவிடுகிறார். ஐந்து, ஆறு வாரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் “ஹே, எப்படி இருக்க?” என்று வருகிறார். இந்தக் கேள்விக்கு டாரட் விரிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று கார்டு எடுத்து, “அவருக்கு என்மேல் என்ன எண்ணம்?” என்று கேட்டு, அழகான கோப்பைக் கார்டு ஒன்று வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாசிப்பு பயன்படுவதில்லை. ஏன் போனார், ஏன் வந்தார், ஏன் இந்த வாரம் வந்தார் என்பவை மூன்று தனிக் கேள்விகள். ஒரே கார்டில் மூன்றையும் கேட்டால், கேட்பவர் எதிர்பார்க்கும் பதில்தான் அதில் தெரியும்.

கீழே உள்ள ஸ்பிரெட் அந்த மூன்றையும் பிரித்து வைக்கிறது. ரைடர்-வெயிட்-ஸ்மித் வகை 78 கார்டு டெக்கை மனத்தில் வைத்து எழுதியது. டெக்கின் நான்கு பிரிவுகளான சூட்களுக்குக் கோல், கோப்பை, வாள், காசு என்ற பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

1. விரிப்பதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

கார்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விவரங்கள் வேண்டும்: மேட்ச் ஆன தேதி, கடைசிச் செய்தியின் தேதி, அதை அனுப்பியது யார், திரும்பி வந்த தேதியும் மணியும், வந்த செய்தியின் வார்த்தைகள் அப்படியே. “ஏதோ ஒரு மாசமா பேசல” என்று நினைவிலிருந்து சொல்வது போதாது. ஆப்பைத் திறந்து பாருங்கள். ஒரு மாதம் என்று நினைத்தது பல நேரம் மூன்று வாரமாகவோ ஏழு வாரமாகவோ இருக்கும். அந்த வித்தியாசம் வாசிப்பையே மாற்றும்.

கடைசிச் செய்தி யாருடையது என்பதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் இரண்டாம் கார்டின் பொருளே அதைப் பொறுத்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் போனது ஒன்று. அவர் அனுப்பிய சிரிப்பு எமோஜிக்கு நீங்கள் பதில் போடாமல் உரையாடல் அப்படியே நின்றுபோனது வேறு. பின்னதில் “காணாமல் போனார்” என்று தொடங்கினால் வாசிப்பு முழுக்கத் தவறான இடத்தில் நிற்கும்.

எந்த வழியில் திரும்பி வந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிண்டர், ஹிஞ்ச், பம்பிள் போன்றவற்றில் ஒருவர் அன்மேட்ச் செய்தால் பழைய உரையாடல் மறைந்துவிடும். அதே உரையாடலின் அடியில் செய்தி வந்திருந்தால் அவர் உங்களை நீக்கவில்லை, பேசாமல் மட்டும் இருந்திருக்கிறார் என்று பொருள். புதிய புரொஃபைலிலிருந்து மறுபடி மேட்ச் ஆகியிருந்தால், அவர் கணக்கை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கியிருக்கலாம்; நீங்கள் யார் என்பதே அவருக்கு நினைவில் இல்லாமலும் இருக்கலாம். இதைக் கார்டு சொல்ல வேண்டியதில்லை, திரையே சொல்கிறது.

பிறகு அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் நாட்காட்டியை வையுங்கள். சிங்கப்பூரில் சில சாதாரணக் காரணங்கள் உண்டு: ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி, ஜூன் அல்லது ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போவது, வேலையிடத்தில் ஆண்டு முடிவு நெருக்கடி, வீட்டில் ஒரு திருமணம், ஒரு சாவு. இவற்றில் எதையாவது அவர் முன்பே சொல்லியிருந்தால் எழுதுங்கள். சொல்லாததை ஊகித்து எழுத வேண்டாம். இரண்டு வார ரிசர்விஸ்ட் இரண்டு வார மௌனத்தை ஓரளவு விளக்கும், ஆறு வார மௌனத்தை விளக்காது.

ஒரு விதிவிலக்கு. திரும்பி வந்தவர் பணம், முதலீடு, கிரிப்டோ, பார்சல் கட்டணம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் கார்டை விரிக்காதீர்கள். பதில் போடுவதை நிறுத்திவிட்டு, ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேளுங்கள். அங்கே நோக்கம் என்ன என்று ஆராய எதுவும் இல்லை.

2. டெக்கைத் தயார் செய்தல்

கார்டு ஒன்று சுமார் 7 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். இந்த ஸ்பிரெட்டுக்கு 35 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள இடம் போதும். சாப்பாட்டு மேசையின் ஓரம் போதுமானது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வரிசை கலையும். இந்த ஸ்பிரெட்டில் கார்டின் இடம்தான் பாதிப் பொருள்.

எல்லாக் கார்டுகளையும் நேராக அடுக்குங்கள். இந்தக் கேள்விக்குத் தலைகீழ்க் கார்டுகள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விலகல், இடைவெளி என்று இடங்களே கெட்ட பக்கத்தைக் கேட்கின்றன. அங்கே கார்டும் தலைகீழாக வந்தால் இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து, “விலகல் நீங்கியது” என்று இஷ்டப்படி வாசிக்க வழி கிடைத்துவிடும்.

புதிய டெக்கில் சூட்கள் வரிசையாகவே இருக்கும். நாலு முறை கலக்கினால் கோப்பைக் கார்டுகள் ஒன்றாகத்தான் வரும், அதைப் பார்த்து “காதல் நிறைய இருக்கு” என்று மகிழ்வார்கள். முதலில் ஒவ்வொரு கார்டாக ஏழு குவியலாகப் பிரித்துப் போட்டு, அவற்றைத் தாறுமாறான வரிசையில் சேர்த்து, பிறகு வழக்கம்போல் கலக்குங்கள். மேசையில் பரப்பிக் கலைத்தால் கார்டுகள் தலைகீழாகத் திரும்பும், அதனால் அந்த முறை இங்கே வேண்டாம்.

3. கேள்வியை அமைத்தல்

“அவர் மனசில் என்ன இருக்கு?” என்ற கேள்விக்கு விடையைச் சரிபார்க்க வழியே இல்லை. ஆளை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. அதனால் கேள்வியை நடத்தையோடு கட்டுங்கள்: “இவர் விலகியதிலும் திரும்பியதிலும் எந்த நோக்கம் தெரிகிறது? அது செயலாக மாறுமா என்பது எப்போது தெளிவாகும்?”

செயல் என்றால் எது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். எளிமையானது இது: “ஒரு நாளையும் இடத்தையும் சொல்லி நேரில் சந்திக்க அவரே கேட்பது.” “ஒருநாள் பார்க்கலாம்” கணக்கில் வராது. “சனிக்கிழமை நாலு மணிக்கு டேக்காவில்” என்றால் வரும். இதை முன்பே எழுதாவிட்டால், பின்னால் அவர் இரவு ஒரு மணிக்கு அனுப்பும் ஒரு பாட்டு லிங்க்கூடச் செயலாகத் தோன்றும்.

4. ஏழு இடங்களும் அவற்றை வைக்கும் வரிசையும்

கீழ் வரிசையை இடமிருந்து வலமாக வையுங்கள். அது அவர் போன பாதை. மேல் வரிசையை வலமிருந்து இடமாக வையுங்கள். அது அவர் திரும்பிய பாதை. நான்காம் கார்டு மூன்றின் தலைக்கு மேல், ஐந்தாவது இரண்டின் மேல், ஆறாவது ஒன்றின் மேல் வரும். ஏழாவது வலப்பக்கம் தனியாக.

```
6   5   4
1   2   3      7
```

1 – முதல் நாட்டம்: மேட்ச் ஆன நாட்களில் அவர் எதைத் தேடி வந்தார்.
2 – விலகல்: எது அவரை நிறுத்தியது.
3 – இடைவெளி: அந்த வாரங்கள் அவருக்கு எப்படிப்பட்டவை.
4 – தூண்டல்: ஏன் இந்த வாரம்.
5 – நோக்கம்: திரும்பி வந்து எதை எதிர்பார்க்கிறார்.
6 – கையிருப்பு: இப்போது அவரால் உண்மையில் எதைத் தர முடியும்.
7 – நேரம்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தூண்டலை நோக்கத்துக்கு முன் வாசிக்க வேண்டும். நோக்கத்தை முதலில் வாசித்தவர்கள் பிறகு தூண்டலை அதற்கேற்ப வளைத்துவிடுவார்கள். ஐந்தில் காதல் கார்டு வந்துவிட்டால், நான்கில் வந்த சலிப்புக் கார்டுகூட “ஏக்கம்” என்று மாறிவிடும். அதனால் ஆறு கார்டுகளையும் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதிய பிறகே அடுத்ததைத் திறங்கள். தோழிக்குப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் அவள் கண் நேராக ஐந்துக்குத்தான் போகும், “அக்கா, இது நல்ல கார்டுதானே?” என்று கேட்பாள், அதோடு உங்கள் வாசிப்பும் முடிந்தது.

5. கீழ் வரிசை: போனதை வாசித்தல்

முதல் கார்டில் வேகத்தைப் பாருங்கள். குதிரைவீரர் கார்டுகளான நான்கு நைட்களின் குதிரைகளே நல்ல அளவுகோல். கோல் நைட்டின் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. வாள் நைட்டுடையது பாய்ந்தோடுகிறது. கோப்பை நைட்டுடையது நடக்கிறது. காசு நைட்டுடையது நிற்கிறது. முதல் இரண்டில் ஒன்று வந்தால், ஆரம்பத்தில் இருந்த பரபரப்பு உங்களைப் பற்றியது என்பதைவிட அவருடைய இயல்பான வேகம் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. வேறு மேட்ச்களிடமும் அப்படித்தான் பேசியிருப்பார்.

இரண்டாம் கார்டில்தான் அதிகம் தடுமாறுவார்கள். விலகல் என்றதும் “என்னிடம் என்ன குறை?” என்று தேடத் தொடங்குவார்கள். இந்த இடம் அவருடைய பக்கத்தைக் கேட்கிறது. காசு இரண்டு வந்தால் இரண்டு பந்தைச் சமாளிக்கும் மனிதன். பெரும்பாலும் வேலை அல்லது இன்னொரு மேட்ச். கோப்பை எட்டில் அடுக்கிய கோப்பைகளில் ஓர் இடைவெளி இருக்கும், சிவப்பு உடைக்காரர் முதுகைக் காட்டி நடந்துபோவார்; தெரிந்தே எடுத்த முடிவு அது. வாள் இரண்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் முடிவே எடுக்கவில்லை; பதில் போடுவதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு வாரங்கள் ஓடிவிட்டன. இந்த மூன்றுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குழப்பினால் ஐந்தாம் கார்டை வாசிக்கவே முடியாது, ஏனென்றால் ஐந்து இரண்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவதை நீங்கள் எழுதிய நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். வாள் நான்கு ஓய்வு, விலகியிருத்தல். கோப்பை ஏழு, மேகத்தில் மிதக்கும் ஏழு தேர்வுகள். ஆப்பில் தொடர்ந்து ஸ்வைப் செய்துகொண்டிருந்தவரின் கார்டு. காசு எட்டில் பட்டறையில் குனிந்து வேலை செய்பவர். கார்டும் அவர் சொன்ன காரணமும் ஒத்துப்போகவில்லை என்றால், “பொய் சொல்கிறார்” என்று முடிவு கட்ட வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். அந்தக் கேள்விக்குறி நான்காம் கார்டில் பெரும்பாலும் தெளிவாகும்.

6. நான்காம் கார்டு: ஏன் இந்த வாரம்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கார்டுக்கு நேரம் கொடுங்கள். பல வாரங்கள் மௌனமாக இருந்தவர் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மணியில் செய்தி அனுப்ப ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். அது அவருக்கு உள்ளே நடந்ததா, வெளியே நடந்ததா என்பதுதான் கேள்வி.

கோப்பை ஐந்து வெளியே நடந்ததைக் காட்டும். கறுப்புப் போர்வைக்காரர் முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்திருக்கின்றன, பின்னால் இரண்டு நிற்கின்றன. வேறெங்கோ ஒன்று முடிந்துபோயிருக்கிறது, மிச்சமிருப்பதைத் திரும்பிப் பார்க்கிறார். அந்த மிச்சம் நீங்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் இதை மென்மையாக்கிச் சொல்லக் கூடாது. கோப்பை நான்கு வந்தால் சலிப்பு. கோல் எட்டு வந்தால் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பிய செய்தியாகவும் இருக்கலாம். காசு சூட்டில் எது வந்தாலும் முதலில் வேலை, வீடு, பணம் பற்றிய மாற்றத்தைப் பாருங்கள்: வேலை மாறியிருக்கலாம், ஒரு பிராஜெக்ட் முடிந்திருக்கலாம்.

ஜட்ஜ்மென்ட் இங்கே வந்தால் புதியவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். எக்காளம் ஊதும் தேவதை, சவப்பெட்டியிலிருந்து எழுபவர்கள். பழைய உறவு உயிர்ப்பதைக் குறிக்கும் கார்டு என்று எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஆனால் நேரில் சந்திக்காத மேட்ச்சில் உயிர்ப்பதற்கு உறவு இன்னும் உருவாகவில்லை. இந்த இடத்தில் அதை “தன் நடத்தையை நினைத்துப் பார்த்திருக்கிறார்” என்ற அளவுக்கு வாசியுங்கள். அதற்கு உடனடிச் சோதனையும் உண்டு: வந்த செய்தியில் மௌனத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? “சாரி, திடீர்னு நிறுத்திட்டேன்” என்று இருந்தால் கார்டு பொருந்துகிறது. வெறும் “ஹே” என்றால் பொருந்தவில்லை. அப்போது செய்தியைத்தான் நம்ப வேண்டும்.

செய்தி வந்த மணியையும் இங்கேதான் பயன்படுத்த வேண்டும். வார நாளின் மதியத்தில் வந்த செய்தி, ஞாயிறு நள்ளிரவை நெருங்கி வந்த செய்தியிலிருந்து வேறுபட்டது. தனியாக வைத்து இதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான்காம் கார்டு சலிப்பையோ தனிமையையோ காட்டி, மணியும் அதையே காட்டினால், இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

7. ஐந்தும் ஆறும்: நோக்கமும் கையிருப்பும்

ஐந்தைத் திறந்ததும் அதன் கீழே உள்ள இரண்டாம் கார்டைப் பாருங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: விலகலுக்குக் காரணமாக இருந்தது இப்போது நீங்கிவிட்டதா? இரண்டில் காசு இரண்டு இருந்து ஐந்தில் காசு நைட் வந்தால், பந்துகளில் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக வருகிறார் என்று சொல்லலாம். இரண்டில் கோப்பை எட்டு இருந்து ஐந்தில் கோப்பை ஆறு வந்தால், தெரிந்தே போனவர் பழைய இதத்தைத் தேடி வந்திருக்கிறார்; போன காரணம் அப்படியே இருக்கிறது. அது மறுபடி அவரைக் கொண்டுபோகும்.

இனிமையாகத் தெரியும் கார்டுகளில்தான் கவனம் வேண்டும். கோப்பை ஆறில் ஒரு சிறுவன் பூ நிரம்பிய கோப்பையைச் சிறுமியிடம் நீட்டுகிறான். படத்தின் பின்புறம் ஒரு காவலாளி விலகி நடந்துபோவதை யாரும் பார்ப்பதில்லை. நோக்கம் என்ற இடத்தில் இது நினைவின் இதம். எதிர்காலத் திட்டம் எதுவும் அதில் இல்லை. கோப்பை ஒன்பதில் கைகட்டி உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தன்னிடமே இருக்கிறது. “இன்னும் எனக்குப் பதில் வருகிறதா” என்று பார்க்க வந்தவராக இருக்கலாம். கோப்பை நைட் உண்மையான அழைப்பு, ஆனால் நடக்கும் குதிரை, முன்னால் ஒரு நதி. சொல்வார், கடப்பாரா என்பது ஆறாம் கார்டில்தான் தெரியும்.

பயமுறுத்தும் கார்டுகளையும் அளவோடு வாசியுங்கள். வாள் ஏழில் ஐந்து வாள்களைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நுனிக்காலில் நழுவுகிறார், இரண்டை விட்டுப் போகிறார். “ஏமாற்றுக்காரன்” என்று அலறுவதற்குமுன், பாதியை மறைக்கிறார் என்று வாசித்து, எதை மறைக்கக்கூடும் என்று கேளுங்கள். வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பதை மறைப்பவரும் இதே கார்டில் வருவார், வேலை போனதைச் சொல்ல வெட்கப்படுபவரும் வருவார்.

ஆறாவதை ஐந்தோடு குழப்புவது பரவலான தவறு. ஒருவர் மனமார விரும்பலாம், ஆனால் தர அவரிடம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் இதற்குத் தனி இடம். ஆறின் கீழே முதல் கார்டு இருக்கிறது: முதலில் தேடியதையும் இப்போது தரக்கூடியதையும் மேலும் கீழுமாகப் பாருங்கள். ஆறு ஒன்றைவிட மெலிந்திருந்தால், ஆரம்ப நாட்களின் வேகம் திரும்பி வராது.

8. ஏழாவது: நேரம்

ஆறையும் எழுதி முடித்த பிறகே இதை எடுக்க வேண்டும். மீதியுள்ள டெக்கிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, ஏஸ் முதல் பத்து வரையிலான எண் கார்டு ஒன்று வரும்வரை போங்கள். வழியில் வரும், எந்தச் சூட்டிலும் சேராத மேஜர் கார்டுகளையும் பேஜ், நைட், குயின், கிங் ஆகியவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அவற்றை வாசிக்கக் கூடாது. “லவ்வர்ஸ் வந்துச்சே, அதை ஏன் விடணும்?” என்று கேட்பார்கள். அது எந்த இடத்துக்கும் வந்த கார்டு இல்லை, அதனால் விட வேண்டும்.

கணக்கு: கோல் என்றால் நாள், கோப்பையும் வாளும் வாரம், காசு மாதம். எண் எத்தனையோ அத்தனை. இந்தக் கணக்கு வாசிப்பவருக்கு வாசிப்பவர் மாறும். உங்களுக்குப் பழக்கமானது வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கார்டைத் திறக்கும் முன் தாளில் எழுதிவிடுங்கள். திறந்த பிறகு அலகை மாற்றுவதுதான் நேர வாசிப்பைக் கெடுக்கும் முதல் காரணம்.

நேரக் கார்டு ஆம், இல்லை எதையும் சொல்லாது. மூன்றாம் பகுதியில் எழுதிய செயல் நடக்குமா நடக்காதா என்பது எந்தத் தேதிக்குள் தெளிவாகும் என்பதை மட்டும் சொல்லும். காசு ஆறு வந்தால் ஆறு மாதம். ஓர் ஆப் மேட்ச்சுக்கு அது “இப்போதைக்கு ஒன்றும் இல்லை” என்ற பதில். ஆறு வாரத்துக்கு மேல் வரும் எதையும் அப்படியே வாசியுங்கள், காத்திருக்க வேண்டாம்.

பஞ்சாங்கம் தெரிந்த நம்மவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் இங்கே உண்டு. எண் கார்டுகள் இரண்டு முதல் பத்து வரை 36 உண்டு. அவற்றை ராசி மண்டலத்தில் பத்துப் பத்துப் பாகையாகப் பிரித்து, ஒரு கார்டுக்குச் சுமார் பத்து நாள் என்று தேதி சொல்லும் முறையும் இருக்கிறது. கோப்பை ஆறு அதில் விருச்சிகத்தின் நடுப்பகுதி. விருச்சிகம் என்றால் கார்த்திகை என்று நம் கை தானாகவே நவம்பர் கடைசிக்குப் போகும். ஆனால் அந்த முறை சாயன ராசியைப் பயன்படுத்துகிறது. அதில் மேஷம் மார்ச் 21-ஐ ஒட்டித் தொடங்கும், சித்திரை ஒன்றில் இல்லை. அதனால் கோப்பை ஆறு நவம்பர் 2 முதல் 11 வரையை ஒட்டி வரும். நம் பஞ்சாங்கம் நிராயனம், வித்தியாசம் ஏறத்தாழ 24 நாள். இந்தக் கேள்விக்கு நான் அந்த முறையையே பரிந்துரைப்பதில்லை. அது தரும் தேதி பத்து மாதம் தள்ளியும் விழலாம், ஆப் உரையாடல் நாள் கணக்கில் வாழ்கிறது. பயன்படுத்துவதானால் பஞ்சாங்க மாதத்தோடு கலக்காதீர்கள்.

9. ஓர் எடுத்துக்காட்டு, முழுமையாக

தாளில் இருப்பது: மேட்ச் ஆகஸ்ட் 4. கடைசிச் செய்தி ஆகஸ்ட் 20, கேட்பவர் அனுப்பியது: “சனிக்கிழமை டேக்கா பக்கம் வரேன், தே தாரிக் குடிக்கலாமா?” பதில் இல்லை. செப்டம்பர் 28, ஞாயிறு, இரவு 11:40-க்கு அதே உரையாடலில், “ஹே, ஞாபகம் இருக்கா? எப்படி இருக்க?” இடைவெளி 39 நாள். அவர் முன்கூட்டிச் சொன்ன காரணம் எதுவும் இல்லை. ஸ்பிரெட் விரித்தது செப்டம்பர் 29.

ஒன்றில் கோல் நைட். ஆரம்பத்தில் நாள் முழுவதும் செய்தி அனுப்பியது அவருடைய வேகம். இரண்டில் காசு இரண்டு. சந்திக்கலாமா என்ற கேள்வி வந்தபோதுதான் நிறுத்தியிருக்கிறார் என்பது தாளிலேயே இருக்கிறது, ஆகவே அந்த இரண்டாவது பந்து வேலையைவிட இன்னொருவராக இருக்க வாய்ப்பு அதிகம். வேலை நெருக்கடி என்றால் “அடுத்த வாரம்” என்று சொல்லியிருக்கலாம். மூன்றில் கோப்பை ஏழு. இடைவெளியில் பல தேர்வுகள், எதுவும் கைக்கு வரவில்லை.

நான்கில் கோப்பை ஐந்து, கோப்பை ஏழின் தலைக்கு மேல். மிதந்த கோப்பைகளில் சில கவிழ்ந்துவிட்டன. ஞாயிறு இரவு 11:40 இதோடு ஒத்துப்போகிறது. ஐந்தில் கோப்பை ஆறு, காசு இரண்டின் மேல். கெட்ட எண்ணம் இல்லை. எளிதாகப் பேச முடிந்த ஒருவரிடம் ஆறுதல் தேடி வந்திருக்கிறார். விலகலுக்கான காரணம் தானாகக் கழன்றிருக்கிறது, அவர் முடிவெடுத்து நீக்கவில்லை. ஆறில் வாள் நான்கு, கோல் நைட்டின் மேல். கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கும் வீரர். தர இப்போது தெம்பு இல்லை.

ஏழுக்கு ஹெர்மிட், வாள் குயின் இரண்டையும் ஒதுக்கிய பின் கோல் எட்டு. எட்டு நாள், அதாவது அக்டோபர் 7. புதியவர்கள் இங்கே “எட்டு நாளில் கூப்பிடுவார்!” என்று படிப்பார்கள். ஆறாவது கார்டு அதற்கு இடம் தரவில்லை. சரியான வாசிப்பு: அக்டோபர் 7-க்குள் இது எங்கே போகிறது என்று தெரிந்துவிடும், இழுத்துக்கொண்டே போகாது; கார்டுகள் சாய்வது “சந்திக்கக் கேட்க மாட்டார்” என்ற பக்கம்.

இதிலிருந்து வரும் பதிலும் எளிது. ஒரே ஒரு செய்தி: “ஞாபகம் இருக்கு. நல்லா இருக்கேன். ஆகஸ்ட்ல கேட்டதுக்குப் பதில் வரலையே, என்ன ஆச்சு?” சந்திக்க மறுபடி இவர் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி ஏற்கெனவே ஆகஸ்ட் 20-இல் கேட்கப்பட்டுவிட்டது, இப்போது பந்து அவர் கையில். இவரே திரும்பக் கேட்டுவிட்டால், அவர் “சரி” என்று சொன்னாலும் அது எழுதி வைத்த செயல் ஆகாது, வாசிப்பைச் சரிபார்க்கவும் முடியாது.

10. விரித்த பிறகு

தாளைப் படம் எடுத்து வையுங்கள். அதே இரவில் மறுபடி விரிக்காதீர்கள், ஒரு கார்டை விளக்க இன்னொரு கார்டு எடுக்காதீர்கள். கோப்பை ஆறுக்கு விளக்கமாக எடுத்த கார்டு பிடித்ததாக வரும்வரை கை நிற்காது, மேசையில் பன்னிரண்டு கார்டு ஆகிவிடும்.

புதிய ஸ்பிரெட் விரிக்க இரண்டு நேரங்கள்தான் பொருத்தம்: ஏழாம் கார்டின் தேதி கடந்த பிறகு, அல்லது தாளில் எழுத வேண்டிய புதிய உண்மை ஒன்று வந்தபோது. அவர் ஆன்லைனில் பச்சைப் புள்ளியோடு தெரிவது புதிய உண்மை ஆகாது. “என் அம்மா மருத்துவமனையில் இருந்தாங்க” என்று காரணம் சொன்னால் ஆகும். அப்போதுகூட ஏழையும் விரிக்காமல், அதை இரண்டு, மூன்றாம் கார்டுகளின் பக்கத்தில் எழுதி, பழைய வாசிப்பில் எது மாறுகிறது என்று முதலில் பாருங்கள்.

தேதி வந்ததும் தாளை எடுத்து, எழுதிய செயல் நடந்ததா என்று ஆம் அல்லது இல்லை எழுதுங்கள். பிறகு எந்தக் கார்டில் பிழைத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கிலோ ஆறிலோதான் இருக்கும்: நான்கில் காரணத்தைப் பெரிதாக்கியிருப்பீர்கள், ஆறில் இல்லாததை இருப்பதாகப் படித்திருப்பீர்கள். அந்த இடத்துக்கு எதிரே ஒரு வரி எழுதி வைத்தால், அடுத்த முறை அதே கார்டு அதே இடத்தில் வரும்போது ஒப்பிட ஏதாவது இருக்கும்.